சமையலறை ஸ்பீக்கர் சேராத ஞாயிறுகள்

பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். கீழே விழவே இல்லை என்பார்கள், மூலை நசுங்கியிருக்கும். தண்ணீர் படவில்லை என்பார்கள், திருப்பினால் என் மேசையில் சொட்டும். இத்தனை வருடம் இந்தப் போன் கடையில் உட்கார்ந்ததில் எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. அதனால் இருதயம் அங்கிள் ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, பார்ட்டி மோடில் இரண்டும் சேர்ந்து பாடமாட்டேன் என்கின்றன என்று சொன்னபோது அவரை மேலும் கீழும் பார்த்தேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சிலுவை, காலில் பாலிஷ் போட்ட செருப்பு.

"யாருக்கு அங்கிள் பார்ட்டி? எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீங்களா?" என்றேன்.

"எனக்குத்தான்மா. ஹால்ல ஒண்ணு, அடுப்பங்கரையில ஒண்ணு. ரெண்டு எடத்துலயும் பாட்டு கேட்டா வீட்ல ஆளு இருக்கிற மாதிரி இருக்கும் லா" என்றார்.

அதற்கு மேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. ஸ்பீக்கர்களை வாங்கி வைத்தேன்.

அவர் குடியிருப்பது என் கடை வரிசையிலேயே, மாலை கட்டுகிற கடைக்கு மேல் மாடியில். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் சொந்த வீட்டில் இருந்தவர், மனைவி செசிலியா இறந்த பிறகு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வாடகைக்கு வந்துவிட்டார். காலையில் கோயில், அதாவது அவர்களுடைய மாதா கோயில். வரும் வழியில் கறிபாப் பலகாரம் வாங்குவார், எப்போதும் இரண்டு. ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை என்ன செய்வது என்று தெரியாமல் பல நாள் என் கடையில் வைத்துவிட்டுப் போவார். ஒன்று மட்டும் வாங்கினால் என்ன என்று கேட்டதற்கு, கை பழகிவிட்டது என்றார். சரி, எனக்கென்ன நஷ்டம், தின்றேன்.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி எடுத்துக்கொண்டு போகிற ஸ்பீக்கர் சேரவில்லை என்றால் எடுத்த எடுப்பில் ரீசெட் செய்துவிடுவது என் போட்டிக் கடைக்காரர்களின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. ரீசெட் என்பது மூளையைத் துடைத்து வைப்பது, துடைத்தது திரும்பி வராது. அதனால் சின்ன விஷயங்களை முதலில் பார்த்துவிட்டு, கடைசியாக, அதுவும் உடையவரைக் கேட்டுவிட்டுத்தான் ரீசெட்டில் கை வைப்பேன். அங்கிள் முதலில் போட்டுப் பார்த்தது ஸ்டீரியோவையாம். பழைய பாட்டு ஒன்றில் குரல் அடுப்பங்கரைக்கும் வயலின் ஹாலுக்கும் போய்விட்டது என்று சலித்துக்கொண்டார். ஸ்டீரியோ அப்படித்தான், இடது ஒன்றுக்கு வலது ஒன்றுக்கு என்று பாட்டைப் பிரித்துக் கொடுக்கும். பார்ட்டி மோடுதான் இரண்டிலும் முழுப் பாட்டையும் தரும். அவர் கேட்டது சரியானதைத்தான்.

இரண்டும் ஒரே மாடல். சார்ஜ் இருந்தது. ஒயர் செருகியிருந்தாலும் சில ஸ்பீக்கர்கள் சேராது என்பதால் பின்னாலும் பார்த்தேன், எதுவும் செருகியிருக்கவில்லை. இரண்டுக்கும் உள்ளே ஓடுகிற சாப்ட்வேரைப் பார்த்தேன். ஹால் ஸ்பீக்கர் புதியது, சமையலறை ஸ்பீக்கர் பழையது. பார்ட்டி மோடில் ஒன்று ஒரு பேச்சு பேசும், மற்றது வேறு பேச்சு பேசும், பிறகு எங்கே சேர்வது? சார்ஜரில் போட்டு ஒவ்வொன்றாகப் போனில் இணைத்து இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஹால் ஸ்பீக்கரை மட்டும் போனோடு சேர்த்து, மற்றதைப் போன் எதுவும் இல்லாமல் சும்மா விட்டு, இரண்டிலும் பார்ட்டி பட்டனை அழுத்தினேன். டக்கென்று சேர்ந்து பாடின. போன் திரையில் சமையலறை ஸ்பீக்கரின் பெயர் 'அம்மா கிச்சன்' என்று இருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் துண்டில் சுற்றிக்கொண்டு போனார், நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் துண்டோடு வந்து நின்றார். வாரம் பூராவும் நன்றாகப் பாடியதாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேரவில்லையாம். என் மேசையில் வைத்து அழுத்தினேன், சேர்ந்தது. அணைத்துப் போட்டு மறுபடி அழுத்தினேன், மறுபடி சேர்ந்தது. பட்டனை மாற்றி அழுத்தியிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த திங்களும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்யாத ஸ்பீக்கரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதற்கும் லீவு வேண்டுமாக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது உறைத்தது. ஞாயிறு மதியத்தோடு என் கடையும் பாதி ஷட்டர்தான். ஆனால் நான் வீட்டுக்குப் போவதில்லை. செராஸில் இருக்கிற என் வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் கிடையாது, அதனால் சாயங்காலம் வரை உட்கார்ந்து எதையாவது திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிறு டூல் பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். என் பெயரில் ஒரு வேலை சரியாகாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, அதுவும் ஒரு காரணம்.

வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஹாலில் மேரி படத்துக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர். சமையலறை வீட்டின் கடைசியில், பின்சந்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னலோடு. அங்கே ஜன்னல் திட்டில் மற்ற ஸ்பீக்கர். அங்கிள் இரண்டையும் ஆன் செய்தார், போனை ஹால் ஸ்பீக்கரோடு சேர்த்தார், பட்டனை அழுத்தினார். ஒழுங்காகத்தான் செய்தார். ஹால் ஸ்பீக்கர் துணையைத் தேடித் தேடி மினுக்கிவிட்டு ஓய்ந்துவிட்டது. சமையலறை ஸ்பீக்கர் கண்டுகொள்ளவே இல்லை.

அப்போதுதான் அதன் நீல விளக்கைக் கவனித்தேன். மினுக்கவில்லை. அசையாமல் எரிந்தது. இந்த மாடலில் அசையாமல் எரிந்தால் அது ஏற்கெனவே ஒரு போனோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஸ்பீக்கர் இன்னொரு ஸ்பீக்கரோடு போய்ச் சேராது. வீட்டில் வேறு போன் இருக்கிறதா என்று கேட்டேன். அவருடையதைத் தவிர எதுவும் இல்லை, அது ஹாலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரா என்றார். அது முடியாது. புதிதாக ஒரு போன் நுழைய வேண்டுமானால் புளூடூத் பட்டனை அழுத்தி விளக்கை மினுக்கவிட்டு இடம் கொடுக்க வேண்டும். தானாகப் போய் ஒட்டிக்கொள்வதென்றால், முன்பே ஒருமுறை சேர்ந்து ஸ்பீக்கரின் ஞாபகத்தில் இருக்கிற போனாகத்தான் இருக்கும். அதுவும் பக்கத்திலேயே, ஒரு சுவர் இரண்டு சுவர் தூரத்தில்.

அதையெல்லாம் சொல்லிக்கொண்டே நான் கையை ஸ்பீக்கரில் வைத்துவிட்டேன். இனி ரீசெட்தான் வழி, முறையாகச் செய்தால் ஐந்து நிமிட வேலை என்றேன். முதலில் ஆப்பில் பழைய ஜோடியைக் கலைக்க வேண்டும். பிறகு போனின் புளூடூத் பட்டியலில் இருந்து இரண்டு பெயரையும் நீக்க வேண்டும். அதன் பிறகு ப்ளே பட்டனையும் சத்தம் கூட்டுகிற பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்து இரண்டையும் ரீசெட் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்து மற்றதை விட்டால் அது பழைய ஞாபகத்திலேயே நின்று அடம்பிடிக்கும். பிறகு ஹால் ஸ்பீக்கரை முதலில் போனோடு சேர்த்து, சமையலறை ஸ்பீக்கரை எந்தப் போனோடும் சேர்க்காமல் ஆன் செய்து, முதலில் ஹாலில் பார்ட்டி பட்டன், அப்புறம் இங்கே. முடிந்தது.

"அப்போ இது பழைய போனையெல்லாம் மறந்துருமா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் மறந்துரும். பேரு கூட போயிரும். யாரு அங்கிள் இதுல முன்ன போன் போட்டது?"

"லியோனல். என் மகன். அவங்கம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது அவன்தான்" என்றார். சொன்னவர் என் கையை விலக்கி, ஸ்பீக்கரின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

பிறகு ஜன்னலோரமாகப் போனார். நேராக எட்டிப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் நின்று கண்ணாடி இடுக்கு வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். கீழே பின்சந்தில், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி ஒரு சாம்பல் நிறக் கார். உள்ளே ஒருவன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். அங்கிள் பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் சொன்னார். லியோனல் மீரி பக்கம் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவன். செசிலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புயல், ஹெலிகாப்டர் ஏறவில்லை. அவன் கிள்ளான் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியாகிவிட்டது. பாதர், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் பார்க்க, அங்கிள் அவனைப் பார்த்து, அம்மா கூப்பிட்டபோது வராதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டார். அவன் அடக்கம் முடிந்ததும் போய்விட்டான். கடல் வேலையை விட்டுவிட்டு இப்போது காரில் வந்துபோகிற தூரத்தில் செமினியில் இருப்பதாக யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரியும். இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது.

"வாரா வாரம் வந்திருக்கான்மா. நான் ஸ்பீக்கருக்குக் கோளாறுன்னு உன்கிட்ட தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்" என்றார்.

இறங்கிப் போங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இறங்கிப் போனால் அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அப்புறம் இந்த ஞாயிறும் இல்லாமல் போய்விடும் என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். மனுஷன் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் டிங் என்றது, விளக்கு மினுக்கத் தொடங்கியது. ரீசெட் செய்யாமலே டூல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதன் பிறகு பார்ட்டி மோட் பேச்சே இல்லை. திங்கட்கிழமை காலையில் கறிபாப்போடு வருவார், நேற்றைய விளக்கைப் பற்றிச் சொல்வார். நேற்று சீக்கிரமே வந்துவிட்டது என்பார். மழையிலும் எரிந்தது என்பார். ஞாயிறு மத்தியானத்திலிருந்தே சமையலறை ஸ்பீக்கரை ஆன் செய்து வைத்துவிட்டு, ஹாலில் பாட்டுக்கூடப் போடாமல், அந்த விளக்கின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாராம். வேலைக்காலம் முழுவதும் விளக்குகளை நம்பியே ரயில்களை அனுப்பிய மனுஷன், இப்போதும் விளக்கையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வரும். மேலே ஒருவர், கீழே ஒருவன், நடுவில் ஒரு மாடிப்படி. ஒருவன் காரை விட்டு இறங்க மாட்டான், ஒருவர் மாடியை விட்டு இறங்க மாட்டார். இதற்கு ஒரு ஸ்பீக்கர் தூது. அவன் போன் திரையிலும் 'அம்மா கிச்சன்' சேர்ந்தது என்று காட்டியிருக்கும் அல்லவா? அதைத் துண்டிக்காமல் விட்டிருக்கிறான் என்றால் அவனுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இதை அங்கிளிடம் சொன்னபோது, தெரியும் என்றார். தெரிந்து என்ன செய்ய, எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. என் கடைச் சந்துக்கு யாரும் வந்து காரை நிறுத்திவிட்டு என் ஜன்னலைப் பார்த்தது கிடையாது.

தீபாவளிக் கூட்டம் அடங்கிய பிறகு ஒரு ஞாயிறு. பாதி ஷட்டருக்குக் கீழே உட்கார்ந்து ஒரு போனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தேன். ஷட்டரைக் குனிந்து தாண்டி அங்கிள் உள்ளே வந்தார். கைலி, பனியன். செருப்பு கூட இல்லை. இஸ்திரிச் சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது.

"லோகேஸ், சேர்ந்துருச்சு" என்றார்.

நான் மகன்தான் மேலே வந்துவிட்டான் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவர் இல்லையென்று கையை ஆட்டினார். ஸ்பீக்கர்தான் சேர்ந்தது. மத்தியானத்திலிருந்து விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததாம், நிலைக்கவே இல்லையாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று பார்ட்டி பட்டனை அழுத்தியிருக்கிறார். முதல் அழுத்திலேயே சேர்ந்துவிட்டது.

அவரோடு மாடி ஏறினேன். படியிலேயே பாட்டு கேட்டது. கதவைத் திறந்தால் ஹாலிலும் சமையலறையிலும் ஒரே பாட்டு, ஒரே நொடியில், இம்மி பிசகாமல். நான் இத்தனை மாதம் சரிசெய்ய நினைத்தது அதைத்தான். அங்கிள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வீடு முழுக்கப் பாட்டு நிறைந்திருந்தது, அதற்கு நடுவில் அவர் அழுதார்.

"விட்டுட்டான்மா. இனி வர மாட்டான்" என்றார்.

எனக்கு இருந்த கோபத்தில் பக்கவாட்டில் எல்லாம் நிற்கவில்லை. ஜன்னலை முழுதாகத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். சாம்பல் நிறக் கார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அங்கிள், கார் நிக்குது. வந்து பாருங்க."

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கு நிலைக்கவே இல்லையே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"புளூடூத்த அடைச்சிருப்பான், இல்லன்னா போன மாத்தியிருப்பான். புதுப் போன இதுக்குத் தெரியாது. இதுக்குத் தெரிஞ்சது பழைய போனு மட்டும்தான் லா, உங்க மகனத் தெரியாது. உங்களுக்குத்தான் அவனத் தெரியும்."

அவர் எழுந்தார். சட்டை தேடுவார் என்று நினைத்தேன், தேடவில்லை. ஜன்னல் திட்டில் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு பின்படி வழியாக இறங்கினார். அது பாடிக்கொண்டே இறங்கியது. பாதிப் படியில் விட்டுவிட்டுக் கேட்டது, கீழே போனதும் நின்றுபோனது. ஹாலில் இருந்தது மட்டும் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலிலேயே நின்றேன், வெட்கமில்லாமல். அங்கிள் கார்க் கண்ணாடியைத் தட்டினார். எங்கே கிளம்பிவிடப் போகிறானோ என்று ஜன்னல் திட்டைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி இறங்கியது. அங்கிள் மன்னிப்பு கேட்கவில்லை, எப்படியிருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரை உள்ளே நீட்டினார்.

"இது சேரமாட்டேங்குது. என்னன்னு பாரு" என்றார்.

சந்து அமைதியாக இருந்ததால் மாடிவரை கேட்டது. அவன் வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் என்னவோ ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்தான், செசிலியா காலத்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். பிறகு கதவைத் திறந்து இறங்கினான். அப்பாவை விட உயரம். இரண்டு பேரும் காரின் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் ஒரே பக்கத்தில், கதவில் சாய்ந்து நின்றார்கள். ரொம்ப நேரம் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, அதிகம் பேசினதாகவும் தெரியவில்லை. ஒருமுறை அவன் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான், நான் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஹாலுக்குப் போய்ப் பாட்டை நிறுத்தினேன். அந்த வீட்டில் எவ்வளவு அமைதி இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் மேலே வரவில்லை. கார் போகிற சத்தம் கேட்டது. அங்கிள் படியேறி வரும்போது கை இரண்டும் வெறுமையாக இருந்தன. ஸ்பீக்கர் எங்கே என்றேன்.

"அவன் போன் விழுந்து ஒடைஞ்சுருச்சாம், புதுசு வாங்கியிருக்கான். ஸ்பீக்கர வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். சரி பண்ணி அடுத்த ஞாயித்துக்கிழமை மேல கொண்டாந்து தரேன்னான்." அவர் ஜன்னல் திட்டைப் பார்த்தார். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் தூசி இல்லாமல் இருந்தது. "நீ ஒண்ணும் சொல்லிறாத, லோகேஸ்."

நான் எதற்குச் சொல்லப் போகிறேன்? அந்த ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் கிடையாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், செமினிக்குத் தூக்கிக்கொண்டு போனவனுக்கும் தெரியும்.